ஈக்விஃபாக்ஸ் கேஸ் ஸ்டடி: காலாவதியான சான்றிதழ் ‘காரணத்தில்’ வருமா, ‘பாதிப்பில்’ வருமா?

வைகைக்கரை எழுதியது:

எம்.எஸ்சி. இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். மக்களின் கடன் விவரங்களைத் தொகுத்து வைக்கும் ஈக்விஃபாக்ஸ் நிறுவனத்தில், 2017-இல் அமெரிக்காவில் நடந்த தரவுத் திருட்டைப் பற்றி ஒரு அசைன்மென்ட். காரணம், பாதிப்பு, கற்ற பாடம் என்று மூன்று பகுதியாக எழுதச் சொல்லியிருக்கிறார்கள். முதல் வரைவைக் கொடுத்தேன். மேடம் ஓரத்தில் ஒரே வரி எழுதித் திருப்பிவிட்டார்: “மூன்று தலைப்பிலும் ஒரே விஷயம்தான் இருக்கிறது.”

திரும்பப் படித்தால் அவர் சொன்னது சரிதான். காரணத்தில் “மென்பொருள் ஓட்டையை அடைக்கும் பேட்ச் போடவில்லை”, பாதிப்பில் “பேட்ச் போடாததால் 14.79 கோடிப் பேரின் விவரம் போனது”, பாடத்தில் “பேட்ச் உடனே போட வேண்டும்” என்று எழுதியிருக்கிறேன்.

எனக்குக் குறிப்பாகச் சிக்கல் தருவது அந்தச் சான்றிதழ். என்க்ரிப்ட் செய்த வலைப் போக்குவரத்தைப் பிரித்துப் பார்க்கும் கருவியில் இருந்த டிஜிட்டல் சான்றிதழ் காலாவதியாகிக் கிடந்தது. அதனால் திருட்டு யார் கண்ணிலும் படவில்லை. இதைக் காரணத்தில் வைத்தேன். ஆனால் திருடர்கள் உள்ளே வந்தது அந்த வழியாக இல்லையே? அப்படியானால் எங்கே வைப்பது?

---

ராம்ஜி_நெட் எழுதியது:

சான்றிதழ் நிச்சயம் காரணத்தில்தான் வரும், அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் பேட்ச் விஷயத்தில் கம்பெனியை ரொம்பக் குறை சொல்லாதீர்கள். அது அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் என்ற மென்பொருளில் இருந்த ஓட்டை, ஜீரோ-டே. யாருக்கும் தெரியாத ஓட்டைக்கு யார் என்ன செய்ய முடியும்? முன்னாள் தலைமை நிர்வாகியே நாடாளுமன்றக் குழு முன்னால், பேட்ச் போடச் சொல்லும் தகவலை உரிய இடத்துக்குக் கொண்டுபோகாமல் விட்டது ஒரு தனிநபர் என்று சொன்னார். மனிதத் தவறு என்று ஒரு தலைப்புப் போட்டு முடித்துவிடலாம்.

---

பழைய_அட்மின் எழுதியது:

ராம்ஜி, சான்றிதழைப் பற்றி நீங்கள் சொன்னதில் பாதி சரி, அதற்கு அப்புறம் வருகிறேன். ஜீரோ-டே என்பது தவறு. நாள் கணக்கை வரிசையாகப் பார்த்தால் புரியும்.

2017 மார்ச் 7 அன்று அந்த ஓட்டை CVE-2017-5638 என்ற எண்ணில் அறிவிக்கப்பட்டது. திருத்திய ஸ்ட்ரட்ஸ் பதிப்பும் கூடவே கிடைத்தது. மறுநாள் அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையிலிருந்து ஈக்விஃபாக்ஸுக்கு எச்சரிக்கை போனது. மார்ச் 9 அன்று நிறுவனத்துக்குள்ளேயே நானூறுக்கும் மேற்பட்டவர்களுக்கு மின்னஞ்சல் போனது, 48 மணி நேரத்தில் பேட்ச் போடச் சொல்லி. மார்ச் 15 அன்று ஸ்கேனும் செய்தார்கள். ஒன்றும் அகப்படவில்லை. ஸ்கேன் மேல்மட்ட டைரக்டரியை மட்டும் பார்த்தது, ஸ்ட்ரட்ஸ் இருந்ததோ உள் டைரக்டரியில். திருட்டு தொடங்கியது மே 13. அதாவது ஓட்டை ஊருக்கே தெரிந்து இரண்டு மாதம் கழித்து.

“ஒரு தனிநபர்” என்ற வாக்குமூலத்தையும் அப்படியே வாங்கிக்கொள்ளாதீர்கள். செனட் குழு அறிக்கையைப் படித்தால் வேறு படம் தெரியும். திருடர்கள் நுழைந்த இணையப் போர்ட்டலில் ஸ்ட்ரட்ஸ் ஓடுவதை அறிந்திருந்த டெவலப்பரின் பெயர் அந்த நானூறு பேர் பட்டியலிலேயே இல்லை. அவருடைய மேலாளர் பெயர் இருந்தது, ஆனால் அவர் கீழே அனுப்பவில்லை. எந்த சர்வரில் என்ன மென்பொருள் ஓடுகிறது என்று முழுப் பட்டியல் நிறுவனத்திடம் இருந்திருந்தால் யார் யாருக்கு அனுப்பினார்கள் என்பதே முக்கியமாக இருந்திருக்காது. 2015-இலேயே அவர்களுடைய சொந்தத் தணிக்கையில் 8,500-க்கும் மேற்பட்ட திருத்தாத ஓட்டைகள் கண்டுபிடிக்கப்பட்டிருந்தன. ஒரு மேலாளர் ஒரு மின்னஞ்சலை அனுப்ப மறந்ததால் நேர்ந்தது என்று இதைச் சுருக்க எனக்கு மனம் வரவில்லை.

வைகைக்கரை, உங்கள் குழப்பம் தலைப்பில் இல்லை. “காரணம்” என்று சொல்லும்போது எதற்குக் காரணம் என்று நீங்கள் கேட்டுக்கொள்ளவில்லை. இங்கே நான்கு தனித்தனிக் கேள்விகள் இருக்கின்றன. எப்படி உள்ளே வந்தார்கள்? வந்தவர்கள் அவ்வளவு தூரம் எப்படிப் போனார்கள்? ஏன் இரண்டரை மாதம் யாருக்கும் தெரியவில்லை? தெரிந்த பிறகு நடந்ததில் எது நிலைமையை மோசமாக்கியது? சான்றிதழ் மூன்றாவது கேள்விக்கான காரணம். முதல் கேள்விக்கு அதற்கும் சம்பந்தம் இல்லை. ராம்ஜி சொன்னது பாதி சரி என்றது இதனால்தான்.

எழுதிய ஒவ்வொரு வரியையும் இப்படிச் சோதித்துப் பாருங்கள்: இது மட்டும் நடக்காமல் இருந்திருந்தால் என்ன மாறியிருக்கும்? சான்றிதழ் உயிரோடு இருந்திருந்தாலும் உள்ளே வந்திருப்பார்கள். ஆனால் வெளியே போன தரவின் அளவு மாறியிருக்கும். ஜூலை 29 அன்று சான்றிதழைப் புதுப்பித்த உடனேயே சந்தேகமான போக்குவரத்து திரையில் தெரிந்தது, மறுநாள் போர்ட்டலை மூடிவிட்டார்கள். இதைவிடத் தெளிவான சாட்சி வேறு வேண்டுமா?

---

செல்வி_மதுரை எழுதியது:

மன்னிக்கவும், இடையில் நுழைகிறேன். போன மாசம் வீட்டுக் கடனுக்குப் போனப்போ என் கிரெடிட் ஸ்கோர் குறைஞ்சிருந்துது. நான் வாங்காத கடன் ஒண்ணு அதுல இருக்கு. இந்தத் திருட்டுல என் விவரமும் போயிருக்குமா? இப்பதான் அந்தத் தப்பைச் சரி பண்ணச் சொல்லி ஆன்லைன்ல புகார் போட்டு பான் கார்டு, பேங்க் ஸ்டேட்மென்ட் எல்லாம் அப்லோடு பண்ணிட்டு வந்தேன். பயமா இருக்கு.

---

பழைய_அட்மின் எழுதியது:

செல்வி அம்மா, இங்கே பேசுவது 2017-இல் நடந்தது. அமெரிக்கா, பிரிட்டன், கனடா மக்களின் விவரங்கள்தான் அதில் போயின. உங்கள் அறிக்கையில் இருக்கும் தெரியாத கடனை இதோடு முடிச்சுப் போட வேண்டாம். நீங்கள் செய்ததுதான் சரி. புகார் எண்ணைப் பத்திரமாக வையுங்கள். எந்த வங்கி பெயரில் அந்தக் கடன் காட்டுகிறதோ அந்த வங்கிக்கும் எழுத்தில் கொடுங்கள். திருத்தம் அங்கிருந்துதான் வர வேண்டும்.

---

வைகைக்கரை எழுதியது:

செல்வி அக்கா, உங்கள் கேள்வி வேறாக இருந்தாலும் எனக்கு ஒன்று புரிந்தது. அமெரிக்காவில் திருடர்கள் நுழைந்த இடம் அப்படிப்பட்ட ஒரு புகார் போர்ட்டல்தான். ஏசிஐஎஸ் என்று பெயர், எழுபதுகளில் பிறந்த அமைப்பு. “என் அறிக்கையில் தவறு இருக்கிறது” என்று சொல்ல மக்கள் அதில் ஆவணம் ஏற்றுவார்கள். அப்படி ஏற்றிய சுமார் 1,82,000 பேரின் ஆவணங்களும் போயின. பாதிப்புப் பகுதியில் இதை ஒரு வரியில் எண்ணாக மட்டும் போட்டிருந்தேன். தவறைத் திருத்த வந்தவர்கள் அவர்கள் என்று எழுதத் தோன்றவே இல்லை.

அட்மின் அண்ணா, இரண்டாவது கேள்விக்கு நான் எடுத்த குறிப்பு இது. சரியா பாருங்கள். உள்ளே வந்தவர்கள் ஒரு கோப்புப் பகிர்வில் என்க்ரிப்ட் செய்யாமல் கிடந்த யூசர்நேம், பாஸ்வேர்டுகளைக் கண்டுபிடித்தார்கள். அவற்றை வைத்து ஏசிஐஎஸ்ஸுக்குச் சம்பந்தமே இல்லாத 48 டேட்டாபேஸ்களுக்குப் போனார்கள். சுமார் 9,000 கேள்விகள் ஓட்டினார்கள், அவற்றில் 265 கேள்விகளுக்குத் தனிநபர் விவரம் கிடைத்தது. இதை “பேட்ச் போடவில்லை” என்பதன் கீழே வைக்க முடியாது இல்லையா?

---

பழைய_அட்மின் எழுதியது:

முடியாது. பேட்ச் போடாதது கதவைத் திறந்துவிட்டது. வாசல் அறைக்குள் வந்தவன் கையில் வீட்டு அறைகள் எல்லாவற்றின் சாவியும் கிடைத்தது எப்படி என்பது வேறு கதை. அந்த போர்ட்டல் தன் வேலையைச் செய்ய அத்தனை டேட்டாபேஸ்களும் தேவையில்லை. வலையைத் துண்டு துண்டாகப் பிரித்து வைத்திருந்தால், அதே பேட்ச் தவறு நடந்திருந்தும் இது இன்னொரு சிறு செய்தியாக முடிந்திருக்கும். என் கருத்தில் 14.79 கோடி என்ற எண்ணுக்கு முதல் காரணம் இதுதான். ஸ்ட்ரட்ஸ் அதற்குப் பின்னால்தான் வரும்.

---

முருகேசன்_திருப்பூர் எழுதியது:

சான்றிதழ் பற்றி என் அனுபவம் ஒன்று. நான் முன்பு வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில் இதே மாதிரிக் கருவி ஒன்று இருந்தது. சான்றிதழ் போனால் போக்குவரத்தை நிறுத்திவிடும் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். அது நிறுத்தவில்லை. பிரித்துப் பார்க்காமல் அப்படியே விட்டுவிட்டது. இணையம் ஓடியது, மெயில் ஓடியது, யாரும் புகார் சொல்லவில்லை. டாஷ்போர்டில் எச்சரிக்கைகள் குறைந்ததைப் பார்த்து “இந்த மாதம் அமைதியாக இருக்கிறது” என்று மேலே அறிக்கை கொடுத்தவனே நான்தான். நான்கு மாதம் கழித்து வேறு வேலையாக உள்ளே போனபோதுதான் தேதியைப் பார்த்தேன். அன்று ராத்திரி தூக்கமே வரவில்லை.

வலைத்தளத்தின் சான்றிதழ் காலாவதியானால் உலாவியில் சிவப்பாகத் தெரியும், பத்து பேர் போன் பண்ணுவார்கள். கண்காணிக்கும் கருவியின் சான்றிதழ் காலாவதியானால் ஒரு சத்தமும் இருக்காது. அதற்குப் பிறகு மாதம் ஒரு முறை நானே கையால் பார்ப்பேன்:

```
openssl x509 -enddate -noout -in monitor.pem
```

ஈக்விஃபாக்ஸில் காலாவதியான சான்றிதழ்கள் முந்நூறுக்கும் மேல் இருந்ததாகப் படித்தபோது, அங்கேயும் இந்த அமைதியைத்தான் நல்ல செய்தி என்று எடுத்துக்கொண்டிருப்பார்களோ என்று நினைத்தேன்.

---

வைகைக்கரை எழுதியது:

அண்ணா, இது பாடம் பகுதிக்கு எனக்கு ரொம்ப உதவும். “சான்றிதழ்களைப் புதுப்பிக்க வேண்டும்” என்று எழுதியிருந்தேன். எச்சரிக்கை வராத நாளில் கருவி உயிரோடு இருக்கிறதா என்று வேண்டுமென்றே ஒரு சோதனைப் போக்குவரத்தை அனுப்பிப் பார்க்க வேண்டும் என்று மாற்றுகிறேன்.

---

நீதிமன்ற_வாசல் எழுதியது:

பாதிப்புப் பகுதியைப் பற்றி யாரும் பேசவில்லை, அதனால் வருகிறேன். நான் சட்டம் படித்தவள், தொழில்நுட்பம் எனக்குத் தெரியாது.

பெரும்பாலான மாணவர்கள் பாதிப்பு என்றதும் நிறுவனத்துக்கு வந்த நஷ்டத்தை எழுதுவார்கள். பங்கு விலை சில நாட்களில் மூன்றில் ஒரு பங்கு விழுந்தது, தலைமை நிர்வாகி விலகினார், 2019 ஜூலையில் வழக்குகளை முடிக்கக் குறைந்தது 57.5 கோடி டாலர், அதிகபட்சம் 70 கோடி டாலர் என்று ஒப்பந்தம் ஆனது. எல்லாம் உண்மை. ஆனால் பறிபோனது யாருடைய விவரம்? பெரும்பாலானவர்கள் ஈக்விஃபாக்ஸிடம் எதையும் கொடுத்தவர்களே இல்லை. வங்கியும் கடை அட்டையும் அவர்களைக் கேட்காமலே அனுப்பிய விவரம் அது. பிடிக்கவில்லை என்று வெளியேறவும் வழி இல்லை.

அந்த ஒப்பந்தத்திலேயே ஒரு கணக்குப் போடுங்கள். ஏற்கெனவே கடன் கண்காணிப்புச் சேவை வைத்திருப்பவர்கள் பணமாக 125 டாலர் வரை கேட்கலாம் என்றார்கள். அந்தப் பகுதிக்கு ஒதுக்கியது 3.1 கோடி டாலர். வகுத்தால் 2,48,000 பேருக்குத்தான் முழுத்தொகை வரும். பாதிக்கப்பட்டவர்கள் 14 கோடிக்கு மேல். விண்ணப்பங்கள் வந்து குவிந்ததும், பணத்துக்குப் பதிலாக இலவசக் கண்காணிப்பை எடுத்துக்கொள்ளுங்கள் என்று அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையமே அறிவித்தது. தலைப்புச் செய்தியில் வந்த தொகையைப் பாதிப்பின் அளவாக எழுதிவிடாதீர்கள்.

---

ராம்ஜி_நெட் எழுதியது:

ஜீரோ-டே விஷயத்தில் திருத்திக்கொள்கிறேன், அட்மின் சொன்ன தேதிகளைச் சரிபார்த்தேன். ஆனால் பாதிப்பில் ஒன்று கேட்கிறேன். 14 கோடிப் பேருக்கும் அடையாளத் திருட்டு நடந்தது என்று எழுத முடியுமா? அந்தத் தரவு எங்கேயும் விற்பனைக்கு வந்ததாகக் காணோம். 2020 பிப்ரவரியில் அமெரிக்க நீதித்துறை சீன ராணுவத்தைச் சேர்ந்த நான்கு பேர் மீது குற்றம் சாட்டியது. அது உளவு வேலை என்றால், சாதாரண மனிதனுக்கு என்ன நஷ்டம்? பாதிப்பு என்ற தலைப்பில் நடந்ததை மட்டும் எழுத வேண்டும், நடக்கலாம் என்பதை எழுதக் கூடாது.

---

நீதிமன்ற_வாசல் எழுதியது:

“அடையாளத் திருட்டு நடந்தது” என்று எழுத முடியாது, ஒப்புக்கொள்கிறேன். “நஷ்டம் இல்லை” என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். அட்டை எண் போனால் வேறு அட்டை வாங்கலாம். சுமார் 2,09,000 அட்டை எண்கள்தான் போயின. அமெரிக்கர்களுக்கு அடையாள எண்ணாக இருக்கும் சமூகப் பாதுகாப்பு எண்ணும் பிறந்த தேதியும் போனால் எதை மாற்றுவது? அநேகமாக அந்த மனிதர் சாகும்வரை அது அவருடைய எண்தான்.

கையில் எடுத்துக் காட்டக்கூடிய செலவும் உண்டு. தன் பெயரில் யாரும் புதுக் கடன் வாங்காமல் தன் கடன் விவரக் கோப்பைப் பூட்டி வைக்க அன்று பல மாநிலங்களில் கட்டணம் இருந்தது. ஈக்விஃபாக்ஸ் போன்ற மூன்று கடன் தகவல் நிறுவனங்களிலும் தனித்தனியாகப் பூட்ட வேண்டும், வீடு வாங்கும்போது திறக்க வேண்டும். 2018 செப்டம்பரில் புதிய சட்டம் அமலுக்கு வந்த பிறகுதான் நாடு முழுக்க இலவசமானது. அந்த ஒரு வருடத்தில் மக்கள் செலவழித்த பணமும் நேரமும் நடந்த பாதிப்பு, நடக்கலாம் என்ற பாதிப்பு இல்லை.

---

ராம்ஜி_நெட் எழுதியது:

செலவழித்த நேரத்தை ஏற்கிறேன். எண் மாறாது என்ற அச்சத்தைப் பாதிப்பு என்று கணக்கில் எடுப்பதில் எனக்கு இன்னும் உடன்பாடு இல்லை. அதை “எஞ்சியிருக்கும் ஆபத்து” என்று தனியாக எழுதலாம்.

---

பழைய_அட்மின் எழுதியது:

உங்கள் இருவர் வாதத்தையும் அப்படியே கட்டுரையில் ஒரு பத்தியாக வைக்கலாம், மேடத்துக்கு அது பிடிக்கும்.

நான்காவது கேள்வி, தெரிந்த பிறகு நடந்தது. செப்டம்பர் 7 அன்றுதான் வெளியே சொன்னார்கள், போர்ட்டலை மூடி ஐந்து வாரத்துக்கு மேல் கழித்து. மக்கள் சரிபார்க்க equifaxsecurity2017.com என்று புதிதாக ஒரு தளம் திறந்தார்கள். நிறுவனத்தின் சொந்த முகவரிக்குள் அதை வைக்கவில்லை. பார்த்தாலே போலித் தளம் போல இருந்தது. ஒருவர் அதைச் சுட்டிக்காட்டவே சொற்களை முன்பின் மாற்றி securityequifax2017.com என்று ஒன்று செய்து வைத்தார். நிறுவனத்தின் ட்விட்டர் கணக்கே வாடிக்கையாளர்களை அந்தத் தவறான முகவரிக்கு அனுப்பியது, ஒரு முறைக்கு மேல். இதைத் திருட்டின் காரணத்திலும் வைக்காதீர்கள், திருட்டின் பாதிப்பிலும் வைக்காதீர்கள். “எதிர்வினை” என்று நடுவில் ஒரு சிறு துண்டு போடுங்கள். மூன்று தலைப்புத்தான் கேட்டார்கள் என்றால் பாதிப்பின் தொடக்கத்தில் உபதலைப்பாக வையுங்கள்.

பாடத்துக்கு வருகிறேன். “48 மணி நேரத்தில் பேட்ச் போட வேண்டும்” என்பது பாடமே இல்லை. அந்த விதி அவர்களிடம் ஏற்கெனவே எழுத்தில் இருந்தது! விதி இருந்தும் நடக்கவில்லை என்றால், பேட்ச் போட்டாயிற்றா என்று யார் சரிபார்ப்பது, “ஸ்கேனில் ஒன்றும் இல்லை” என்ற பதிலை எதை வைத்து நம்புவது என்பவைதான் பாடம். அந்த ஸ்கேனரை ஓட்டை இருக்கிறது என்று நன்றாகத் தெரிந்த ஒரு சர்வரில் முதலில் விட்டிருந்தால், அது கண்டுபிடிக்கவில்லை என்று ஐந்து நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். மார்ச் 10 அன்றே யாரோ அந்த போர்ட்டலில் ஓட்டையைக் கண்டுபிடித்து தான் எந்தப் பயனராக உள்ளே இருக்கிறோம் என்று காட்டும் `whoami` என்ற கட்டளையை ஓட்டிப் பார்த்த தடயம் இருக்கிறது. மின்னஞ்சல் போனது 9, கெடு முடிவது 11. விதியை நூற்றுக்கு நூறு பின்பற்றியிருந்தாலும் அந்த முதல் தட்டலுக்கு முன்னால் கதவு மூடியிருக்காமல் போயிருக்கலாம். மே மாதம் திருடியவர்களும் மார்ச்சில் தட்டியவர்களும் ஒரே ஆட்களா என்று அறிக்கைகளை வைத்து அடித்துச் சொல்ல முடியாது.

---

முருகேசன்_திருப்பூர் எழுதியது:

அப்படியானால் பேட்ச் போடும்போதே, ஏற்கெனவே யாராவது வந்து போனார்களா என்று பழைய பதிவுகளையும் பார்க்க வேண்டும். எங்கள் இடத்தில் இதை யாரும் செய்ததில்லை. பேட்ச் போட்டதும் டிக்கெட்டை மூடிவிடுவோம்.

---

வைகைக்கரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. பாடம் பகுதியை இன்று ராத்திரி திரும்ப எழுதினேன். ஒரு பத்தியை இங்கே வைக்கிறேன்:

“திருட்டின் அளவை முடிவு செய்தது நுழைந்த வழி மட்டும் அன்று. புகார் போர்ட்டலிலிருந்து அதற்குத் தேவையில்லாத டேட்டாபேஸ்களுக்குச் செல்லும் வழி திறந்திருந்ததும், பாஸ்வேர்டுகள் என்க்ரிப்ட் செய்யாமல் கிடந்ததும் அளவைப் பெரிதாக்கின. ஆகவே முதல் பாடம் பேட்ச் பற்றியது அன்று: வெளியுலகைத் தொடும் எந்த ஒரு சர்வரும் விழுந்துவிட்டது என்று வைத்துக்கொண்டு, அங்கிருந்து எங்கெல்லாம் போக முடிகிறது என்று ஆண்டுதோறும் நடந்து பார்க்க வேண்டும்.”

ஒரே ஒரு சந்தேகம் மிச்சம். சான்றிதழ் எவ்வளவு காலம் காலாவதியாகி இருந்தது? அமெரிக்க அரசின் தணிக்கை அலுவலக அறிக்கை திருட்டுக்குச் சுமார் 10 மாதம் முன்பு என்கிறது. பிரதிநிதிகள் சபைக் குழுவின் அறிக்கை 19 மாதம் என்கிறது. எதை எழுதுவது?

---

பழைய_அட்மின் எழுதியது:

இரண்டையும் எழுதுங்கள், எது எந்த அறிக்கையில் இருக்கிறது என்று பெயரோடு. 2018-இல் சில மாத இடைவெளியில் வந்த இரண்டு அரசு அறிக்கைகள் அவை. எண்ணத் தொடங்கிய நாளும் முடித்த நாளும் வேறாக இருக்கலாம், ஆனால் அந்த வித்தியாசம் முழுவதையும் அது விளக்காது. நானும் ஒரு முறை உட்கார்ந்து பொருத்திப் பார்த்தேன், பொருந்தவில்லை. பாதிக்கப்பட்டோர் எண்ணிக்கைக்கும் இதையே செய்யுங்கள். முதலில் 14.3 கோடி, பிறகு 14.55, கடைசியில் 14.79. கடைசி எண்ணை மட்டும் போட்டால், மூன்று முறை எண்ண வேண்டியிருந்தது என்ற செய்தி காணாமல் போய்விடும்.

அந்தப் பத்தி நன்றாக வந்திருக்கிறது. “ஆண்டுதோறும்” என்பதை மட்டும் யோசியுங்கள். மார்ச் 7-க்கும் மார்ச் 10-க்கும் நடுவில் மூன்று நாள்தான்.